வானகரத்து டிரம்

மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பம் மீனவர் குடியிருப்பில், 2023 மே 13 சனிக்கிழமை மாலையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கள்ளச்சாராய பாக்கெட் கைமாறிவிட்டது, குடித்தும் முடித்தாயிற்று. அடுத்த சில நாட்களில் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்திலுமாக இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் கட்டில் பிடிக்க இடமில்லை. இது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவித்தார்.

அந்த மெத்தனால் எங்கிருந்து வந்தது? விசாரணை வடக்கே நகர்ந்து, மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் வானகரத்தில் இருந்த ஒரு ரசாயன ஆலையில் போய் நின்றது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் புழங்குகிறவர்களுக்கு இந்தத் திரவம் புதிதல்ல. பெயின்ட் கடை தின்னரிலும், வார்னிஷிலும், ரெசின் தயாரிக்கும் பட்டறையிலும் அது இருக்கிறது. தண்ணீர் மாதிரி நிறமில்லாமல், லேசான சாராய வாடையோடு இருக்கும். தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்ற விதி உண்டு. டிரம்மில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதும் இருப்பதும் ஒன்றுதானா என்று யாராவது மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். எரிசாராயத்துக்கு ஆசைப்பட்டவன் மலிவாகக் கிடைத்ததை வாங்கினான், தண்ணீர் கலந்தான், பாக்கெட் போட்டான். கதையின் இந்தப் பகுதியில் மர்மம் ஒன்றும் இல்லை. மர்மம் எல்லாம் குடித்தவன் உடம்புக்குள்தான்.

ஒருவர் மாலை ஆறு மணிக்குக் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்குப் பார்த்தால் போதை சுமாராகத்தான் இருக்கும். மெத்தனால் தருகிற மப்பு சாதாரண சாராயத்தைவிடக் குறைவு. ‘சரக்கு சுத்தமில்லை, ஏறவே இல்லை’ என்று இன்னொரு பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் உண்டு. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். அதுவரை ஒன்றுமே ஆகவில்லை. ஏனென்றால் மெத்தனால் அப்படியே இருக்கும்வரை பெரிய கெடுதல் செய்வதில்லை. கல்லீரல்தான் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், அடுத்து ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலம்தான் ஆளைக் கொல்கிற விஷம். அது மெல்ல மெல்லச் சேரும், ஆனால் சேர்ந்த வேகத்தில் வெளியேறாது. செல்கள் மூச்சுக் காற்றைப் பயன்படுத்தும் வேலையையே அது முடக்குகிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அதற்கு முதலில் பலியாகிறது.

மறுநாள் விடிகாலை, அதாவது குடித்துப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி, தலைவலியும் வாந்தியும் வயிற்றுவலியும் வருகின்றன. வீட்டில் உள்ளவர்கள் ராத்திரி குடித்ததன் விளைவு என்றுதான் நினைப்பார்கள். மோர் கொடுப்பார்கள், எலுமிச்சை பிழிவார்கள், தூங்கட்டும் என்று கதவைச் சாத்துவார்கள். இந்த இடத்தில்தான் உயிர் போகிறது. சாதாரணத் தலைவலிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணில் தெரியும். ‘மூடுபனி போட்ட மாதிரி இருக்கு’ என்பார், லைட்டைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பார், எதிரே நிற்கும் பிள்ளையின் முகம் மங்கலாக இருக்கும். கூடவே மூச்சைப் பாருங்கள். ரத்தத்தில் ஏறிய அமிலத்தைத் தள்ள, உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவர் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவார். குடித்துவிட்டு மறுநாள் வாந்தியோடு கண் மங்கலோ இந்த மூச்சோ இருந்தால், 108-ஐ அழைக்க அதற்குமேல் எந்த அடையாளமும் தேவையில்லை. வலிப்பும் நினைவிழப்பும் வரும்வரை காத்திருந்தவர்களில் பலர் திரும்பவில்லை.

இதில் ஒரு கொடுமையான திருப்பமும் உண்டு. ஒரே பாக்கெட்டைப் பகிர்ந்த மூவரில் ஒருவர் அன்றே டாஸ்மாக் பிராந்தியும் குடித்திருந்தால், மறுநாள் அவர் மட்டும் நன்றாக நடமாடுவார். இவரைக் காட்டி ‘சாராயத்தில் தப்பில்லை’ என்று ஊரே சொல்லும். உண்மையில் அவருக்கு விஷம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் நாள்கூடத் தாக்கலாம். ஆகவே உடம்பு சரியில்லாதவரோடு, அதே இடத்தில் வாங்கிக் குடித்த எல்லோரையும் ஏற்றி அனுப்ப வேண்டும்.

பிராந்தி எப்படித் தள்ளிப்போட்டது? கல்லீரலில் மெத்தனாலை மாற்றும் நொதி, எத்தனால் எதிரில் வந்தால் மெத்தனாலை விட்டுவிட்டு அதைத்தான் பிடிக்கும். மருத்துவமனைச் சிகிச்சையும் இதே தந்திரம்தான். மூக்குக் குழாய் வழியாகவோ ரத்த நாளத்திலோ அளந்து எத்தனால் ஏற்றுவார்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் அளவில் அதை இறங்காமல் பிடித்து வைக்க வேண்டும். அளவு தவறினால் சர்க்கரை இறங்கும், மூச்சு அடங்கும். வீட்டில் பாட்டிலைத் திறந்து செய்கிற காரியமில்லை இது. ஃபோமெபிசோல் என்ற ஊசி அதே நொதியைப் போதை இல்லாமலே தடுக்கும், ஆனால் விலை அதிகம், எல்லா மருத்துவமனையிலும் இருப்பு இருக்காது. மாற்றத்தைத் தடுத்துவிட்டால் மெத்தனால் உடம்பிலேயே தங்கும், தானாகப் பாதியாகக் குறையவே இரண்டு நாள் ஆகும். அதனால்தான் டயாலிசிஸ். அது மெத்தனாலையும் அமிலத்தையும் சேர்த்து வெளியே எடுத்துவிடும். சோடியம் பைகார்பனேட் ஏற்றி ரத்தத்தின் புளிப்பைக் குறைப்பதும் உடனே தொடங்க வேண்டியது.

இந்த வைத்தியம் எல்லாமே அமிலம் உண்டாவதைத் தடுக்கிறது, உண்டானதை வெளியேற்றுகிறது. கருகிப்போன நரம்பை எதுவும் மீட்காது. ஆறு மணி நேரத்தில் வந்தவருக்கும் இருபத்துநான்கு மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரே மருந்துதான். முதலாமவர் நடந்து வீட்டுக்குப் போகலாம், இரண்டாமவர் உயிர் பிழைத்தாலும் கண்ணை இழக்கலாம்.

சீக்கிரம் வருவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் சில மணி நேரங்களில் ரத்த அமிலச் சோதனை சரியாகவே இருக்கும், ஏனென்றால் அமிலம் இன்னும் உண்டாகவில்லை. அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் விடிகாலையில் அதே ஆள் ஸ்ட்ரெச்சரில் திரும்புவார். மருத்துவர் கேட்க வேண்டியது ‘என்ன குடித்தாய், எங்கே வாங்கினாய், கூட யார் குடித்தார்கள்’ என்று. நோயாளி மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் பயத்தில் குடிக்கவே இல்லை என்று சாதிப்பவர்கள் நிறைய.

மறைத்தது நோயாளிகள் மட்டும்தானா? மரக்காணத்துக்குப் பிறகு மெத்தனால் இருப்பைக் கண்காணிப்போம் என்று அரசு சொன்னது. பதின்மூன்று மாதம் ஓடியது. 2024 ஜூன் 19 அன்று, கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் சாவுகள் தொடங்கியபோது, அவை கள்ளச்சாராயத்தால் அல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் பேசியது. வயிற்றுப்போக்கு, வலிப்பு என்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அதே நேரம் துக்க வீட்டுக்கு வந்தவர்கள், எதிலே செத்தார் என்று தெரியாமல், அதே தெருவில் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள். அவர்களுக்குக் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது.

அன்று மாலைக்குள் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆனால் அந்தப் பாக்கெட்டுகளில் எத்தனை இன்னும் வீடுகளில் இருந்தன, அவற்றை யார் போய் எடுத்தார்கள்?

(தொடரும்)