'அநேகமாக' எதன்மேல்?

கொடும்பாளூர் மூவர் கோயில் பற்றிய என் பழைய குறிப்பில் இப்படி ஒரு வரி: "அநேகமாக, 9ஆம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி மூன்று கோயில்களைக் கட்டினார்." சந்தேகம் எதன்மேல்? ஆளா, எண்ணிக்கையா, காலமா? பேச்சில் குரலே காட்டிக்கொடுத்துடும். எழுத்தில் அந்த வசதி இல்லை.

அங்குள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு, தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் அவர் மூன்று கோயில் எடுத்ததாகத் தெளிவாகச் சொல்கிறது. ஆண்டுதான் இல்லை, அறிஞர்கள் முரண்படுவதும் அதில்தான்.

எனவே திருத்தினேன்: "பூதி விக்கிரமகேசரி மூன்று கோயில்களைக் கட்டினார். காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியாகவோ 10ஆம் நூற்றாண்டாகவோ இருக்கலாம்."

அடுத்த வரி: "உண்மையில், இன்று இரண்டுதான் முழுதாக நிற்கின்றன." அந்த 'உண்மையில்'லையும் வெட்டினேன். மற்ற வரியெல்லாம் பொய்யா என்ன?