பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்று வலி: நோயா, நடிப்பா?

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளை, பத்து மணிக்கெல்லாம் எழுந்து விளையாடினால் வீட்டில் பலரும் அதை நடிப்பு என்றே நினைப்பார்கள். கிளினிக்கில் பரிசோதித்தும் ஒன்றும் இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் அந்த வலி உண்மையானது.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ஜான் ஏப்ளி, 1958இல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இத்தகைய வலி திரும்பத் திரும்ப வந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே உடலில் நோய் இருந்தது.

குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பயமோ கவலையோ வரும்போது குடலின் அசைவு மாறுகிறது. சாதாரண அசைவைக்கூட வலியாக உணரும் அளவுக்கு நரம்புகள் கூர்மையாகின்றன. கழுத்துத் தசைகள் இறுகுவதாலும், தூக்கம் குறைவதாலும், காலை உணவைத் தவிர்ப்பதாலும் தலைவலி வருகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் குறித்து வைப்பது உதவும். வலி வந்த நாள், நேரம், சாப்பாடு, தூக்கம், மலம் கழித்தது, அன்றைய பாடங்கள் ஆகியவற்றை எழுத வேண்டும்.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்த ஒரு மாணவனை உதாரணமாகக் கொள்வோம். நோட்டில் பத்துப் பள்ளி நாள்களில் எட்டு நாள் வலி. நான்கு விடுமுறை நாள்களில் வலியே இல்லை. வகுப்பின் முன் நின்று மலாயில் பேச வேண்டிய நாள்களில்தான் வலி அதிகம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து மலத்தை அடக்குவதும் தெரிகிறது. ஆக, பேச்சுப் பயம், மலச்சிக்கல் என இரண்டு காரணங்கள். முதலாவதற்கு வகுப்பாசிரியரையோ ஆலோசக ஆசிரியரையோ சந்திக்கலாம். வீட்டில் மலாயில் பேசிப் பழக்கலாம். இரண்டாவதற்குத் தண்ணீர், காய்கறி, பழம், காலையில் கழிப்பறைக்கு நேரம் ஆகியவை வேண்டும்.

இத்தகைய வலி என மருத்துவர் உறுதிப்படுத்தினால், பிள்ளையை வீட்டில் நிறுத்துவது பயத்தைக் கூட்டும். வலியை நம்புவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவதே நல்லது. ஆனால் பகடிவதை காரணமாக இருந்தால் முதலில் பள்ளி அதைத் தடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் வலி மாத்திரை கொடுத்தால், மாத்திரையே தலைவலியைத் தரக்கூடும்.

எல்லா வலியும் மன அழுத்தமல்ல. எடை குறைதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், தூக்கத்தில் எழுப்பும் வலி, தொப்புளை விட்டு விலகிய வலி இருந்தால் மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டும். வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து கூடிக்கொண்டே போனாலோ, தலைவலியுடன் விடியற்கால வாந்தி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம் இருந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.