சர்வரைக் காப்பாற்றிய வட்டம்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் முதன்முதலில் குடியேறியது ftp.funet.fi என்ற பின்லாந்துக் கணினியில். கேட்பவர்கள் பெருகவே, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கணினிகளில் நகல் எடுத்து வைத்தன. மிரர் என்று அவற்றுக்குப் பெயர். பட்டியலைப் பார்த்து ஏதோ ஒரு மிரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருப்பது நேற்றைய நகலாகவும் இருக்கலாம். கொஞ்சம் பேர் கேட்டவரை சமாளிக்க முடிந்தது. ஊரே திரண்டு வந்தால்?

வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1995-இல் எம்.ஐ.டி.யில் சக ஆய்வாளர்களிடம் இதே கேள்வியைப் போட்டார். கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அதைப் பிடித்துக்கொண்டார். மாணவர் டேனி லெவினும் சேர்ந்தார். சுலபமான வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. கோப்புக்கு ஓர் எண் கொடுத்து, சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி வரும் சர்வரில் வைப்பது. சர்வர் 10, கோப்பு 27 என்றால் அது 7-ஆம் சர்வரில். கூட்டம் கூடுகிறதே என்று பதினொன்றாவது சர்வரைச் சேர்த்தால், அதே 27 ஐந்தாவதுக்குப் போய்விடும். பதினொன்றில் பத்துப் பங்கு கோப்புகளுக்கு இதே கதி. புது இடத்தில் நகல் இருக்காது. எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் மூல சர்வரிடம் ஓடும். உதவிக்கு வந்தவனே ஆளைக் கவிழ்த்த கதை!

லெவின் உள்ளிட்ட குழுவினர் 1997-இல் சர்வர்களை ஒரு வட்டத்தில் நிறுத்தினார்கள். கோப்பின் எண்ணும் அதே வட்டத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து வலமாகப் போனால் எதிர்ப்படும் முதல் சர்வர்தான் அதன் வீடு. புதிய சர்வர் நடுவே புகுந்தால் பக்கத்து சர்வரிடமிருந்து மட்டும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும், மற்றவை அசையாது. இவ்வளவு அழகான கணக்கோடு 1998-இல் எம்.ஐ.டி. தொழில்முனைவுப் போட்டிக்குப் போனார்கள். பரிசு கிடைக்கவில்லை.

அதே ஆண்டு 'அகமாய்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999 மார்ச்சில் 'ஸ்டார் வார்ஸ்' டிரெய்லருக்கு இணையமே முண்டியடித்தபோது அவர்களின் சர்வர்கள் தாக்குப்பிடித்தன. ஏப்ரல் முதல் தேதி ஒரு தொலைபேசி. நிறுவனத்தை விலைக்குக் கேட்டவர் ஸ்டீவ் ஜாப்ஸ். எடுத்த நிறுவன அதிகாரி பால் சேகன், யாரோ முட்டாளாக்குகிறார்கள் என்றே நினைத்தார்.

ஜாப்ஸுக்கு நிறுவனம் கிடைக்கவில்லை. ஆப்பிள் முதலீடு மட்டும் செய்தது. 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் கோபுரத்தில் முதலில் மோதிய விமானத்தில் லெவின் இருந்தார். அன்று செய்தித் தளங்களில் மோதிய கூட்டத்தைத் தாங்கியவற்றில் அவருடைய சர்வர்களும் உண்டு.

அந்த வட்டக் கணக்கின் வாரிசுகள்தான் இப்போது போனில் 'அப்டேட்' தட்டியதும் வேலை பார்க்கின்றன. ஊருக்கு அருகிலுள்ள சர்வர் புதிய பதிப்பை வெளியிலிருந்து ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் ஆயிரக்கணக்கான போன்களுக்கு அந்த நகலே போதும். யார் கை மாறி வந்தாலும், தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்து பொருந்தாவிட்டால் போன் அதை நிறுவாது.