பென்ஷன் உறுதி... அப்புறம் எதுக்கு தனி முதலீடு? மத்திய அரசு ஊழியர்கள் போட வேண்டிய கணக்கு

"நமக்குத்தான் பென்ஷன் வருதே, அப்புறம் என்ன?" 2004 ஜனவரி 1-க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதி உண்மைதான். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50% பென்ஷன், அதன் மேல் அகவிலை நிவாரணம். விலைவாசி ஏறினால் பென்ஷனும் ஏறும். தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு இருக்கிற பெரிய பயம் இவர்களுக்கு இல்லை.

ஆனால் அந்த பென்ஷனில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது பென்ஷன் வாங்குபவருக்கு இல்லை, அவருக்குப் பின் இருக்கப்போகிறவருக்கு.

மனைவிக்கு எவ்வளவு வரும்?

மதுரையில் அஞ்சல் துறையில் வேலை பார்க்கும் 52 வயது ஊழியர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1998-ல் பணியில் சேர்ந்தவர், ஓய்வுபெற இன்னும் 8 வருஷம் இருக்கிறது. 60 வயதில் அவரது அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய், அகவிலைப்படி 50% என்று வைப்போம். கணக்கு புரிவதற்கான எண்கள்தான் இவை, ஊதியக்குழு வந்தால் மாறும்.

அவருக்கு பென்ஷன் 40,000, அகவிலை நிவாரணம் 20,000, ஆக மாதம் 60,000 ரூபாய். அவர் இறந்துவிட்டால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30% மட்டுமே. அதாவது 24,000, அகவிலையோடு 36,000. ஓய்வுக்குப் பின் சீக்கிரமே இறந்தால் 7 வருஷம் வரையோ, அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை மனைவிக்கு உயர்த்தப்பட்ட விகிதத்தில், அதாவது 50% கிடைக்கும். அதன் பிறகு 30%தான்.

60,000 எங்கே, 36,000 எங்கே? வீட்டில் ஒரு ஆள் குறைந்ததால் வாடகையோ கரண்ட் பில்லோ பாதியாகிவிடாது. மாதம் 24,000 ரூபாய் குறைகிறதே, அதை நிரப்புவதுதான் இவரது தனி முதலீட்டின் முதல் வேலை. வருஷத்துக்கு 2.88 லட்சம். 7.2% வட்டி கிடைத்தால்கூட அதற்கு 40 லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும்.

கம்யூடேஷன் வாங்கலாமா?

"40 லட்சமா? கம்யூடேஷன் பணத்தை எடுத்துப் போட்டுக்கலாம்" என்று ஆபீசில் யாராவது சொல்வார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பென்ஷனில் அதிகபட்சம் 40% வரை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்குவதுதான் கம்யூடேஷன். நம் ஊழியர் மாதம் 16,000-ஐ விட்டுக்கொடுத்தால், 60 வயதில் ஓய்வுபெறுபவருக்கான 8.194 என்ற காரணியின்படி 15,73,248 ரூபாய் கிடைக்கும். வரி கிடையாது. 15 வருஷம் கழித்து அந்த 16,000 திரும்பப் பென்ஷனில் சேரும்.

ஆனால் 15 வருஷத்தில் அவர் விட்டுக்கொடுப்பது 28.8 லட்சம். கடனாகப் பார்த்தால் ஏறக்குறைய 9% வட்டி. அந்தப் பணத்தை 8.2% தரும் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மாதத்துக்குச் சராசரியாக சுமார் 10,750 ரூபாய் வரும். விட்டது 16,000, வருவது 10,750.

"15 வருஷம் கழிச்சும் அசல் கையில இருக்குமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்யூட் செய்யாமல், அந்த 5,250 வித்தியாசத்தை மட்டும் மாதாமாதம் 7% தரும் ஆர்.டி.யில் போட்டாலே 15 வருஷத்தில் 16.5 லட்சத்தைத் தாண்டிவிடும். டெபாசிட்டில் போடுவதற்காக மட்டும் கம்யூட் செய்வது லாபமில்லை என்பது இதனால்தான்.

விதிவிலக்கு உண்டு. 11, 12% வட்டியில் கடன் இருந்தால் அதை அடைக்க கம்யூடேஷன் உதவும். உடல்நிலை சரியில்லாதவருக்கும் பொருந்தும். ஏனென்றால் அவர் இறந்த பிறகு அந்தப் பிடித்தம் தொடராது, மனைவியின் குடும்ப ஓய்வூதியமும் இதனால் குறையாது. பென்ஷனுக்கு 20, 30% வரி கட்டுகிறவருக்கும் கணக்கு மாறும். நம் ஊழியரின் ஆண்டு பென்ஷன் 7.2 லட்சம், புதிய வரி முறையில் வரி வராது. அதனால் அவருக்கு அந்த லாபம் இல்லை.

பணிக்கொடை பாதியைத் தரும்

33 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் அவருக்குப் பணிக்கொடை அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி சேர்த்து 16.5 மடங்கு. 1,20,000 ரூபாய்க்கு 19.8 லட்சம். 40 லட்சத்தில் ஏறக்குறைய பாதி இங்கேயே வந்துவிடுகிறது. பெரும்பாலும் இது பிள்ளைகளின் கல்யாணத்திலும் வீட்டு மாடியிலும் கரைந்துவிடுகிறது என்பது வேறு கதை.

மீதி 20 லட்சத்துக்கு 8 வருஷம் இருக்கிறது. இப்போது பிடிப்பதற்கு மேல் மாதம் 10,000 ரூபாய் ஜிபிஎஃப்-ல் கூட்டினால், 7.1% வட்டியில் சுமார் 12.8 லட்சம் சேரும். வருஷத்துக்கு மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் ஜிபிஎஃப் போட முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு 6,000-ஐ நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடலாம். ஆண்டுக்கு 10% வளர்ந்தால் சுமார் 8.7 லட்சம், ஒன்றுமே வளராவிட்டால் போட்ட 5.76 லட்சம். சந்தை விழுந்திருக்கும் நேரம் பார்த்து ஓய்வுபெற்றால் அதற்கும் கீழே போகலாம். ஆனால் மாதச் செலவுக்கு பென்ஷன் இருப்பதால் நஷ்டத்தில் விற்க வேண்டிய அவசியம் இவருக்கு வராது, காத்திருக்கலாம். பென்ஷன் இல்லாதவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஷேர் வாங்க அரசு ஊழியருக்கு அனுமதி உண்டா?

உண்டு. ஆனால் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதி 16, ஊக வணிகத்தைத் தடை செய்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதே ஊக வணிகமாகக் கருதப்படும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. இன்ட்ராடே, ஃப்யூச்சர்ஸ் - ஆப்ஷன்ஸ் பக்கம் போகிறவர்கள் பணத்தோடு வேலையையும் பணயம் வைக்கிறார்கள்.

ஒரு காலண்டர் ஆண்டில் ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் பரிவர்த்தனைகள் மொத்தமாக 6 மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால், அடுத்த ஜனவரி 31-க்குள் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 2 மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் போகும் ஒரே பரிவர்த்தனை என்றால், விதி 18-ன்படி ஒரு மாதத்துக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். மாதம் 6,000 எஸ்.ஐ.பி.க்கு இரண்டும் பொருந்தாது.

மாநில அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்த தமிழ்நாடு அரசு ஊழியர்கள் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கம்யூட் செய்ய முடியும்.

ஓய்வுக்குப் பின் எங்கே போடுவது?

சீனியர் சிட்டிசன் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2% என்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனிக் கணக்குக்கு 9 லட்சம் வரை, 7.4% என்றால் மாதம் 5,550. இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு சுமார் 26,000 ஆகிறது. மனைவிக்குக் குறையும் அந்த 24,000 இதிலேயே அடைபடுகிறது.

ஏஜென்ட் கொண்டுவரும் "இரண்டாவது பென்ஷன்" பாலிசிகளில் பெரும்பாலும் தொகை கடைசிவரை ஒன்றேதான், அகவிலை நிவாரணம் கிடையாது. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்.

பணம் சேர்ந்தாலும் பேப்பரில் சிக்கல் வருவதுண்டு. சேமிப்புக் கணக்குகளில் மனைவி நாமினியாக இருக்கிறாரா? பி.பி.ஓ.வில் அவரது பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா? ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதற்குள் அலைய வேண்டியிருக்கும். ஓய்வுபெறும் முன் திருத்துவது எளிது, அப்போது ஆபீஸ் அவருடையதே.