வ.உ.சி.க்கு 1908 என்ன எண்?

திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் நேற்று வந்தான். "சார், 2026 பொது எண் 1. ஆனா எனக்கு 4-ஆம் வருஷமாம். கடன் வாங்கி எஞ்சின் மாத்தாதேங்கிறாங்க" என்றான். பிறந்தது செப்டம்பர் 21.

கணக்கு எளிதுதான். ஆண்டின் இலக்கங்களைக் கூட்டினால் உலகத்துக்கான எண்: 2+0+2+6=10, அதாவது 1. அதோடு பிறந்த தேதியையும் மாதத்தையும் கூட்டினால் நம் எண். அவனுக்கு 2+1+9=12, அதாவது 3; 3+1=4. உலக எண்ணைக் காற்று என்றும், சொந்த எண்ணை நம் பாய் என்றும் வைத்துப் பலன் சொல்வார்கள். 1 தொடக்கம், 3 மலர்ச்சி, 4 கட்டுப்பாடும் உழைப்பும், 5 மாற்றமும் விடுதலையும், 9 முடிவு.

நம்ம ஊர் வரலாற்றில் இதைப் போட்டுப் பார்த்தேன். வ.உ.சி. பிறந்தது 5-9-1872. சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய அவரை 1908 மார்ச் 12-இல் கைது செய்தார்கள். 1+9+0+8=18, உலக எண் 9. அவருக்கு 5+9+9=23, அதாவது 5. விடுதலைக்குரிய எண்ணில் சிறைவாசம்!

"மாற்றம்தானே, சிறையும் மாற்றம்தான்" என்பார்கள். இன்னொரு சாரார், சொந்த ஆண்டு ஜனவரியில் அல்ல, பிறந்தநாளில்தான் தொடங்கும் என்பார்கள். அப்படியானால் மார்ச்சில் அவருக்கு 1907-இன் கணக்கே ஓடியது. 1907-க்கு 8; 5+9+8=22, அதாவது 4. கட்டுப்பாடு! நடந்து முடிந்த பிறகு எந்த முறை பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்ததும் செப்டம்பர் 5 (1888). பிறந்த ஆண்டு இதில் சேராததால் எந்த முறையிலும் இருவருக்கும் ஒரே எண். அவருடைய எம்.ஏ. ஆய்வுரை 1908-இல் நூலாக வந்தது. ஒருவருக்குப் புத்தகம், ஒருவருக்குச் செக்கு.

'உலக' ஆண்டு என்பதும் யோசிக்க வேண்டியது. அன்று நம் திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் புழக்கத்தில் இருந்தது. அந்த மார்ச்சில் கொல்லம் 1083. கூட்டினால் 12, அதாவது 3. அறுபது வருடச் சுற்றில் அது பிலவங்க. கூட்டுவதற்கு எண்ணே இல்லை, பெயர்தான். ஆக அந்த 9 உலகத்தின் எண் அல்ல, ஆங்கில நாட்காட்டியின் எண்.

மாணவனிடம் இதைச் சொல்லி, பிறந்தநாள் முறைப்படி செப்டம்பர் 21 வரை 2025-இன் எண் 9-தான், 3+9=12, உனக்கு இப்போது 3 என்றேன். சிரித்துவிட்டான். "அப்போ எதைத்தான் பார்க்க?" என்றான். மாதத் தவணை எவ்வளவு, போன மூன்று மாதம் கரைக்கு வந்த மீன் எவ்வளவுக்குப் போனது, எழுதிக் கொண்டு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.