24-ஐ 60-க்குள் திணித்த கதை

போன வாரம் டிஸ்க்ல ஒரு படம் பார்த்துக்கிட்டிருந்தேன். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் காட்சி விட்டுவிட்டு நகர்ந்தது. டிஸ்க் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன். அது மேல தப்பே இல்லை. இது கிட்டத்தட்ட நூறு வருஷத்துக் கணக்கு.

1920-களின் கடைசியில் பேசும்படம் வந்தப்போ, ஒலி சீராக ஓடணும்னு நொடிக்கு 24 ஃபிரேம் என்று ஹாலிவுட் நிலைப்படுத்தியது. அமெரிக்க டிவியோ அங்குள்ள மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸை ஒட்டி அமைந்தது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை எப்படிக் காட்டுறது? அதனால ஒரு ஃபிரேமை 2 தடவை, அடுத்ததை 3 தடவை காட்டினார்கள். ஒன்று 33 மில்லிசெகண்ட் நிற்கும், அடுத்தது 50. நான் பார்த்த நொண்டி நடை அதுதான்.

எக்ஸ்பாக்ஸில் Settings > General > TV & display options > Video modes போய் Allow 24Hz-ஐ டிக் செய்தேன். இப்போ ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே அளவா, சுமார் 42 மில்லிசெகண்ட் நிற்குது. படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கருப்பாகலாம். பயப்படாதீங்க, டிவி வேகம் மாறுது. நம்பிக்கை வரலைன்னா டிவியோட சிக்னல் விவரத்தைப் பாருங்க, 24Hz என்று இருக்கணும்.

என் ஸ்ட்ரீமிங் ஆப்களில் ஒன்று மட்டும் இன்னமும் 60-லேயே நிற்குது. ஆப் கேட்டால்தான் கன்சோல் மாற்றும். அங்கே நம்ம டிக் செல்லாது.