கசப்பை இறக்கி வைத்துவிட்டு வந்த காய்

செராஸ் வட்டாரத்துப் பேரங்காடிகளில் ஊறுகாய் வரிசையின் ஓரமாக ஆலிவ் மூன்று கோலங்களில் நிற்கும். நடுவில் சிவப்பு மிளகாய் விழுது திணித்த பச்சைக் காய் கண்ணாடிப் புட்டியில். பீட்சாவில் போடும் கறுப்பு வளையங்கள் தகர டின்னில். விலை கூடின, ஊதா நிறத்துக் கலமாட்டா இன்னொரு புட்டியில். மூன்றும் வாயில் போட்டவுடன் தின்னக்கூடியவை. ஆனால் மூன்றுமே மரத்தில் இருந்தபோது ஒருவராலும் மென்று விழுங்க முடியாத காய்கள்தான்.

நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆலிவ் மரம் பூ மொட்டு விட வேண்டுமானால் குளிர்காலத்தில் பல வாரங்கள் நல்ல குளிர் வேண்டும். கோலாலம்பூரில் விடியற்காலையிலும் வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் தொட்டியில் நட்ட ஆலிவ் இங்கே இலை தழைத்து அழகாக நிற்கும். காய்ப்பதை எதிர்பார்க்கக் கூடாது. சீனக் கடைகளில் விற்கும் 'கானா' காயையும், சரவாக்கிலிருந்து வரும் கருநீல டாபாய் பழத்தையும் சிலர் ஆலிவ் என்பார்கள். அவை சாம்பிராணி மரத்தின் உறவு, வேறு குடும்பம். கானாவைப் பச்சையாகவே கடிக்கலாம், டாபாயை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் போதும். அந்தப் பழக்கத்தோடு உண்மையான ஆலிவை அணுகினால் ஏமாற்றம்தான்.

அந்த ஏமாற்றத்தைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் எருசலேம் பக்கம் யாத்திரை போனவர்கள், அல்லது பெர்த்திலும் அடிலெய்டிலும் குடியேறிய நம்மவர்கள். அங்கே தெருவோர மரங்களில்கூட ஆலிவ் காய்த்துக் கிடக்கும். பறித்து ஒரு கடி கடித்தால் நாக்கு முழுவதும் கசப்பு பரவி, தண்ணீர் குடித்தும் நெடுநேரம் போகாது. பயப்பட வேண்டாம், அது நஞ்சு அல்ல. ஒன்றிரண்டைத் தெரியாமல் விழுங்கினாலும் ஆபத்தில்லை. ஆனால் உணவாகத் தின்ன முடியாது என்பதே நேரான பதில்.

கசப்புக்குக் காரணம் ஒலியூரோபீன் என்ற பொருள். ஆலிவ் மல்லிகைக் குடும்பத்து மரம். இலையிலும் காயிலும் இந்தப் பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. பிஞ்சுக் காயில் நீரை நீக்கிவிட்டு எடை பார்த்தால், பத்தில் ஒரு பங்குக்கு மேலும் இதுவே இருக்கலாம். மரம் இதை மனிதனை நினைத்துச் செய்யவில்லை. பூச்சியை நினைத்துச் செய்தது. காயின் உயிரணுக்களில் ஒலியூரோபீன் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரிந்து இருக்கின்றன. பூச்சி கடிக்கும்போது சுவர் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. நொதி சர்க்கரைப் பகுதியை வெட்டிவிட, மிஞ்சும் துண்டு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்குகிறது. பூச்சிக்கு அதன்பின் அந்தப் புரதத்தைச் செரிக்க முடியாது. இவ்வளவு கச்சிதமான பாதுகாப்பைச் சுமந்து நிற்கும் காயைத்தான் நாம் சாலட்டில் போடுகிறோம்.

பழுத்துக் கறுத்தால் கசப்பு போய்விடுமே என்று தோன்றும். குறையும், போகாது. மரத்திலேயே முழுக்கக் கனிந்த கறுப்பு ஆலிவும் பச்சையாகத் தின்னும் அளவுக்கு இனிதாவதில்லை. விதிவிலக்கு சில இடங்களில் மட்டும் உண்டு. கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் த்ரூம்பா என்ற வகை மரத்திலேயே சுருங்கி, கசப்பு பெரிதும் அடங்கிவிடுகிறது. துருக்கியின் கராபுருன் தீபகற்பத்தில் ஹுர்மா என்று அழைக்கும் ஆலிவ், கிளையில் இருக்கும்போதே கசப்பை இழக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் காயின் மேல் வளரும் ஒரு பூஞ்சை அதைச் செய்வதாகச் சொல்கிறார்கள். இவை அந்தந்த மண்ணோடு நின்றுவிடும் பேறுகள். உலகம் தின்னும் ஆலிவ் மனிதன் கைபட்டே கசப்பிழக்கிறது.

அந்த வேலையை ஒரு காயின் பயணத்தோடு பார்க்கலாம். ஸ்பெயினின் செவில் மாகாணத்தில் மன்ஸனிய்யா என்ற வகை, சிறிய ஆப்பிள் வடிவக் காய். வசந்தத்தின் முடிவில் பூத்து, செப்டம்பரிலும் அக்டோபரிலும் இன்னும் பச்சையாக, இளமஞ்சள் ஏறத் தொடங்கும்போது பறிக்கப்படுகிறது. கழுத்தில் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கிளையை விரல்களால் உருவிக் காயைக் கூடைக்குள் விழவிடுவார்கள். அடித்து உதிர்த்தால் அடிபட்ட இடம் பழுப்பாகிவிடும். அது வெறும் அழகுக் குறை இல்லை. பூச்சி கடித்ததுபோலவே அங்கே அறைச் சுவர் கிழிந்துவிட்டது என்பதன் அடையாளம்.

தொழிற்சாலைக்கு வந்த காய் முதலில் காஸ்டிக் சோடா நீருக்குள் இறங்குகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் என்ற கணக்கு. காயின் வகையும் அன்றைய வெப்பமும் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். ஒலியூரோபீன் மூன்று பகுதிகள் கோத்த மூலக்கூறு: ஒரு சர்க்கரை, நடுவில் ஓர் அமிலம், மறுமுனையில் ஹைட்ராக்ஸிடைரோசால். காரம் அந்த அமிலத்துக்கும் ஹைட்ராக்ஸிடைரோசாலுக்கும் நடுவிலுள்ள கண்ணியை அறுக்கிறது. அறுந்த துண்டுகளுக்குப் பழைய கசப்பு இல்லை, நீரிலும் எளிதாகக் கரைகின்றன. மாதக்கணக்கில் நடக்க வேண்டியது ஆறிலிருந்து பத்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன். ஒரு காயை எடுத்துக் கொட்டை வரை வெட்டினால், காரம் புகுந்த சதை நிறம் மாறித் தெரியும். பீனாப்தலீன் சொட்டு விட்டால் அந்தப் பகுதி இளஞ்சிவப்பாகும். தோலிலிருந்து கொட்டை வரையிலான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். கொட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் தொடப்படாமல் இருக்கும். அங்கே மிஞ்சும் இலேசான கசப்புதான் பச்சை ஆலிவின் சுவை. அங்கே மிஞ்சும் சர்க்கரைதான் அடுத்த கட்டத்துக்குத் தீனி. காரம் கூடிப்போனால் தோல் உரிந்து சதை குழையும். குறைந்தால் நடுவில் கசப்பு அப்படியே தங்கும்.

பிறகு காரம் போகக் கழுவுகிறார்கள். அதிகம் கழுவினால் சர்க்கரையும் போய்விடும் என்பதால் ஒன்றிரண்டு நீரோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்து உப்பு நீர், தொடக்கத்தில் 10, 11 விழுக்காடு. காய்க்குள் உப்பு இறங்க இறங்க இது பாதியளவுக்குத் தணியும். இங்கே லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. நம் வீட்டு மாவடு உப்பில் கிடந்து புளிப்பதுபோலத்தான். காயிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. சில வாரங்களில் அமில நிலை, அதாவது பிஹெச், 4 அளவுக்கு இறங்கிவிட்டால் காய் பத்திரம்.

அந்த இறக்கம் தாமதித்தால் தொல்லை. தொடக்க நாட்களில் வேறு பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டால் வாயு உண்டாகித் தோலுக்கடியில் கொப்புளங்களும் வெடிப்புகளும் தோன்றும். மாதங்கள் கழித்து, வெயில் ஏறும்போது, அமிலம் போதாத தொட்டிகளில் ஸ்பெயின்காரர்கள் ஸபத்தெரீயா என்று அழைக்கும் கெடுதல் வரும். மூடியைத் திறந்ததுமே நாறும் அந்த வாடையை எந்தக் கழுவலும் போக்காது. அதனால் குளிர் முடியும் முன்பே உப்பை 8 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றி வைப்பார்கள். இதையெல்லாம் தாண்டி வந்த காய்க்குத்தான் கொட்டை எடுத்து, மிளகாய் விழுது திணித்து, புட்டியில் அடைத்து, கப்பலேற்றம். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போது அது பறிக்கப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

டின்னில் இருக்கும் கறுப்பு வளையத்தின் கதை வேறு. அதுவும் பெரும்பாலும் பச்சையாகப் பறித்த காயே. அதைக் காரத்தில் கொட்டை வரை ஊறவிட்டு, நடுநடுவே நீருக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். காரமும் காற்றும் சேர்ந்து காயின் பீனால் பொருட்களைக் கறுக்கச் செய்கின்றன. அந்த நிறம் வெளுக்காமல் இருக்க ஃபெரஸ் குளுக்கோனேட் என்ற இரும்பு உப்பு. டின்னின் சேர்மானப் பட்டியலில் 579 என்ற எண்ணைப் பார்த்தால், இது மரத்தில் கறுத்த காய் இல்லை என்று அறியலாம். நொதிக்க வைக்காததால் இதில் புளிப்பு இல்லை. காப்பதற்கு அமிலமும் இல்லை. 1919இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் ஒரு விருந்தில் பரிமாறிய கலிபோர்னியக் கறுப்பு ஆலிவில் பொட்டுலிசக் கிருமியின் நஞ்சு இருந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் இத்தகைய ஆலிவை டின்னில் அடைத்தபின் அழுத்தக் கொதிகலனில், 115 பாகைக்கு மேலான வெப்பத்தில் வேகவைப்பது விதியானது. பாதுகாப்பாகிவிட்டது, ஆனால் கசப்போடு மணமும் பெரும்பகுதி போய்விட்டது. மூன்றில் சுவை குறைந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

கலமாட்டா காரத்தைத் தொடாமலே வருவது வழக்கம். மரத்தில் ஊதாவாகிக் கனிந்த காயை இரண்டு பக்கம் கீறி நீரிலும் உப்பு நீரிலும் போடுகிறார்கள். ஒலியூரோபீன் உடைபடுவதற்குப் பதில் கீறல் வழியே மெல்ல வெளியேறுகிறது. மிஞ்சியதைக் காயின் சொந்த நொதிகளும் அமிலமும் காலப்போக்கில் உடைக்கின்றன. கீறாத முழுக் காயை உப்பு நீரில் விட்டால் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். கலமாட்டாவின் கூடுதல் விலை இந்த மெதுவான முறைக்குத்தான், அது நியாயமான விலை.

ஆஸ்திரேலியாவில் வீட்டு வாசலில் மரம் வைத்திருக்கும் உறவினர்களுக்கு நான் சொல்வது நீர்வழி முறை. காஸ்டிக் சோடா கண்ணையும் தோலையும் எரித்துவிடும், அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும். வீட்டில் அதைத் தொட வேண்டிய தேவை இல்லை. கெட்டியான பச்சைக் காய்களை எடுத்து, புழு துளைத்ததை ஒதுக்கிவிட்டு, குழவியால் இலேசாகத் தட்ட வேண்டும். சதை வெடிக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. கண்ணாடி ஜாடியில் போட்டுக் குளிர்ந்த நீர் ஊற்றி, காய் மிதக்காமல் தட்டு வைத்து அழுத்தி, தினமும் நீரை மாற்ற வேண்டும். முதல் நாள் வடிக்கும் நீரே கைக்கும். ஏழெட்டு நாள் கழித்து ஒரு காயைச் சுவைத்துப் பாருங்கள். நாக்கின் அடியில் கசப்பு இன்னும் ஒட்டினால் இன்னும் சில நாள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். போதும் என்று தோன்றியதும் லிட்டருக்கு 100 கிராம் உப்பும் ஒரு கோப்பை வினிகரும் கலந்த நீரில் மூழ்க வைத்து, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இது நொதித்துக் காத்துக்கொண்ட காய் அல்ல, ஆகவே வெளியே அலமாரியில் வைக்கக் கூடாது. நான்கைந்து நாளில் தின்னத் தொடங்கலாம். உப்பு கூடுதலாகத் தெரிந்தால் தின்பதற்கு முன் சற்று நேரம் வெறும் நீரில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.